கடிகாரமா, சிவப்புக் குறியா, ஒற்றை டிக்கா? ஒரு துணி ஓடரில் நடந்த குழப்பம்

வெள்ளவத்தையில் சட்டை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், புறக்கோட்டை கெய்சர் வீதியில் மொத்தமாகத் துணி விற்கும் அண்ணை ஒருவரிடம் வட்ஸ்அப்பில் லைனிங் துணி ஓடர் கொடுத்தார். காலை 9.40க்கு அனுப்பிய ஓடர் இது: மெரூன் 40 மீற்றர், கிறீம் 30 மீற்றர். அண்ணை பார்த்தார், நீல டிக் விழுந்தது, "சரி" என்று பதிலும் போட்டார். பிறகு அக்கா அந்த ஓடரைத் திருத்தி வட்ஸ்அப்பிலேயே மறுபடி எழுதினார். பின்னேரம் துணி வந்தபோது மெரூன் 65 மீற்றர் இருந்தது, கிறீம் வேறு நிறத்தில் இருந்தது.

"நான் பதினொன்றே காலுக்கே அனுப்பிட்டன் அண்ணை, போனைப் பாருங்கோ" என்று அக்கா சொன்னார். "தங்கச்சி, நான் 40 வெட்டி முடிச்சாப் பிறகுதான் எனக்கு வந்தது" என்று அண்ணை சொன்னார். இரண்டு பேரும் பல வருடம் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்ல இருவருக்கும் மனமில்லை. போன் திருத்தும் கடை வைத்திருப்பதால் இரண்டு போனும் என் மேசைக்கு வந்தன.

அக்காவின் போனில் அன்றைய உரையாடலைத் திறந்தால் காலை ஓடருக்குக் கீழே மூன்று விடயங்கள் இருந்தன. 11.15க்கு "அண்ணை, மெரூன் 40 வேண்டாம், 25 காணும்" என்ற மெசேஜ். 11.18க்கு ஒரு துண்டுத் துணியின் படம், அதன் அடியில் "கிறீம் இந்த நிறத்தில எடுங்கோ" என்ற வரி. பிறகு 12.30க்கு "மெரூன் 25" என்று மட்டும் ஒரு சின்ன மெசேஜ். இரண்டு எழுத்து மெசேஜுகளிலும் இப்போது நீல டிக். படத்தின் மேல் `Retry` என்று இன்னும் நின்றது. நீல டிக் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதற்கு முன் அந்த இடத்தில் என்ன குறி எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

அக்கா 11.15க்கு எங்கே இருந்தார்? காலி வீதியில் 101 பஸ்ஸில், பம்பலப்பிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். லேஸ் வாங்கப் போன பயணம். அவருடைய டேட்டா பக்கேஜ் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் திரையின் மேலே சிக்னல் கோடுகள் நிறைவாகத்தான் இருந்தன. இது நிறையப் பேரை ஏமாற்றும் இடம். அந்தக் கோடுகள் போனுக்கும் கோபுரத்துக்கும் இடையில் உள்ள தொடர்பைத்தான் காட்டுகின்றன. பக்கேஜில் மிச்சம் இருக்கிறதா, டேட்டா உண்மையில் ஓடுகிறதா என்பதை அவை காட்டுவதில்லை. டேட்டா தீர்ந்த போனிலும் கோடுகள் நிறைவாக நிற்கும், அழைப்பு எடுக்கலாம், எஸ்எம்எஸ் போகும், வட்ஸ்அப் மட்டும் அசையாது.

அப்படி அசையாமல் நிற்கும்போது மெசேஜின் வலது கீழ் மூலையில் சின்னக் கடிகாரம் ஒன்று நிற்கும். அதன் பொருள், மெசேஜ் இன்னும் உங்கள் கையில் உள்ள போனில்தான் இருக்கிறது என்பது. நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் வட்ஸ்அப் முதலில் செய்வது மெசேஜைப் போனுக்குள்ளேயே எழுதி வைத்து, அதற்கென்று ஒரு அடையாள எண்ணைக் கொடுப்பது. பிறகு தொடர்பு இருந்தால் சேர்வருக்கு அனுப்புகிறது. சேர்வர் "கிடைத்தது" என்று திருப்பிச் சொன்னதும் கடிகாரம் போய் ஒற்றை டிக் வருகிறது. ஆகவே உரையாடலில் மெசேஜ் பச்சைக் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருப்பது அது போய்விட்டதற்குச் சாட்சி அல்ல. அக்கா அந்தக் கட்டத்தைப் பார்த்தார், பக்கத்தில் 11.15 என்ற நேரத்தைப் பார்த்தார், போனைப் பையில் போட்டார். கடிகாரத்துக்கும் டிக்குக்கும் அளவு ஒன்று, நிறமும் ஏறக்குறைய ஒன்று. ஓடும் பஸ்ஸில், வெயில் அடிக்கும் திரையில் அதைப் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. இந்தக் குறியை இன்னும் பெரிதாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் ஒரு சிக்கல். மெசேஜை அழுத்திப் பிடித்து `Message info` என்று பார்த்தால் இரண்டு நேரங்கள்தான் கிடைக்கும்: எப்போது எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எப்போது வாசிக்கப்பட்டது. அக்காவின் திருத்த மெசேஜுக்கு அது 1.48க்குப் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. அப்படியானால் 11.15க்கும் 1.48க்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் காணாமல் போயிருக்கிறது. அதில் எவ்வளவு நேரம் கடிகாரமாக அக்காவின் போனில் கிடந்தது, எவ்வளவு நேரம் ஒற்றை டிக்காகச் சேர்வரில் கிடந்தது? கடிகாரம் டிக்காக மாறிய நேரத்தை `Message info` காட்டுவதில்லை. தகராறைத் தீர்க்கத் தேவையான நேரம் அதுதான், அதுதான் திரையில் எங்கும் இல்லை.

சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அக்கா அதே பஸ்ஸிலிருந்து 11.22க்குத் தன் மகளுக்கும் ஒரு மெசேஜ் போட்டிருந்தார், சோறு வடித்து வைக்கச் சொல்லி. மகள் காலை முழுக்க வீட்டு வைஃபையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர். அவர் போனுக்கு ஒரு மெசேஜ் சேர்வருக்கு வந்த கணமே போய்ச் சேர்ந்துவிடும். அந்த மெசேஜின் `Message info` சொன்னது, 12.09. அந்த நேரத்துக்கு அக்கா பம்பலப்பிட்டியில் சொந்தக்காரரின் கடைக்குள் நுழைந்திருந்தார். அந்தக் கடையின் வைஃபை அவர் போனில் முன்பே பதிந்திருந்ததால் போன் தானாகவே இணைந்துவிட்டது. போனில் காத்துக்கிடந்த எழுத்து மெசேஜுகள் எல்லாம் அந்த ஒரே தொடர்பில் வெளியேறியிருக்கும். எனவே அண்ணைக்குரிய திருத்தமும் 12.09ஐ ஒட்டித்தான் சேர்வருக்குப் போனது. அதுவரை ஏறக்குறைய 55 நிமிடம் அது கடிகாரம்.

கடிகாரத்தின் இந்தக் குணத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும், தொடர்பு வந்ததும் அது தானாகப் போய்விடும். மதியம் பயனில்லாமல் போன ஒரு செய்தி பின்னேரம் தானாகக் கிளம்பி, கேட்பவரைக் குழப்பும். இனி அது தேவையில்லை என்றால் தொடர்பு வருவதற்கு முன்பே அழித்துவிட வேண்டும். விமானப் பயணத்துக்கான ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு அழித்தால் இடையில் நழுவிப் போகாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மெசேஜ் சேர்வருக்குப் போய், "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்தால் உங்கள் போனில் கடிகாரம் நிற்கும், மெசேஜோ போயிருக்கும். திரும்பத் தொடர்பு வந்ததும் போன் அதே அடையாள எண்ணோடு மறுபடி அனுப்பும். எண் ஒன்றுதான் என்பதால் எதிர்ப்பக்கத்தில் அது இரண்டு தடவை தெரியாது. நீங்கள் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டி அனுப்பினால் அது புது எண், புது மெசேஜ். அப்போது எதிர்ப்பக்கத்தில் இரண்டும் இருக்கும்.

இனி 12.09க்குப் பிறகு நடந்தது. அண்ணையின் போன் 12 மணியளவில் பற்றரி இறங்கி அணைந்துவிட்டது. கடையில் சனம், அவர் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார், திரும்ப ஓன் பண்ணியது 1.48க்கு. அந்த நேரம் முழுக்க அக்காவின் போனில் ஒற்றை டிக்.

ஒற்றை டிக் கடிகாரத்துக்கு நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது. உங்கள் போனின் வேலை முடிந்தது, உங்கள் டேட்டா சரி, உங்கள் செயலி சரி. மெசேஜ் சேர்வரில் இருக்கிறது, எதிர்ப்பக்கம் இன்னும் எடுக்கவில்லை. அவருடைய போன் அணைந்திருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், அவர் வட்ஸ்அப்பையே எடுத்துவிட்டிருக்கலாம், உங்களை பிளாக் பண்ணியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும். ஒற்றை டிக்கை மட்டும் வைத்து இவற்றில் எது என்று சொல்ல முடியாது, "என்னை பிளாக் பண்ணிட்டாங்கள்" என்று மனம் நொந்துகொள்ள அது ஆதாரமும் இல்லை. எடுக்கப்படாத மெசேஜை வட்ஸ்அப் சேர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். ஆகவே ஒற்றை டிக் விழுந்த மெசேஜை மறுபடி அனுப்புவதால் எதுவும் வேகமாகாது. ஏற்கெனவே வாசலில் காத்திருக்கும் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

அக்கா 12.30க்குப் போனை எடுத்துப் பார்த்தார். ஒற்றை டிக்கைக் கண்டார். "போகேல்லை போல" என்று நினைத்து, அவசரத்தில் சுருக்கமாக "மெரூன் 25" என்று இன்னொன்று போட்டார். அதுவும் ஒற்றை டிக்கோடு நின்றது. 12.45 அளவில் அண்ணையின் கடையில் காலை ஓடரின்படி மெரூன் 40 மீற்றரும் கிறீம் 30 மீற்றரும் வெட்டியாயிற்று. 1.48க்கு அண்ணை போனை ஓன் பண்ணியதும் இரண்டு மெசேஜும் ஒன்றாக வந்து விழுந்தன. நோட்டிபிகேஷனில் கண்ணில் பட்டது கடைசியாக உள்ளது, "மெரூன் 25". கையில் கத்தரிக்கோலோடு நின்ற மனிதர் அதை இன்னும் 25 வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, "மெரூன்ல இன்னும் 25 வெட்டடா தம்பி" என்று பெடியனுக்குச் சொன்னார். உரையாடலை உள்ளே திறந்து மேலே உள்ளதையும் வாசித்தது அதற்குப் பிறகு. இப்படித்தான் 65 ஆனது.

இங்கே இரண்டு தவறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 40 மீற்றர் வெட்டப்பட்டதற்குக் காரணம் கடிகாரம். அண்ணையின் போன் 11.40க்கு வேறொரு வாடிக்கையாளரின் மெசேஜை வாங்கியிருந்ததை அவர் எனக்குக் காட்டினார். ஆகவே 11.15க்கு அக்காவின் மெசேஜ் உண்மையில் புறப்பட்டிருந்தால், பற்றரி இறங்குவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும். அணைந்த போன் பிரச்சினையாக மாறியதே மெசேஜ் 55 நிமிடம் பிந்திக் கிளம்பியதால்தான். மேலதிகமாக 25 மீற்றர் வெட்டப்பட்டதற்குக் காரணம் வேறு. அது ஒற்றை டிக்கைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்பியதால் வந்தது. கடிகாரத்தைப் போனதாகவும், போனதைப் போகாததாகவும் அவர் வாசித்திருக்கிறார். இரண்டு குறியும் தலைகீழாகிவிட்டன.

படத்தின் கதை தனி. எழுத்து மெசேஜுகள் 12.09க்குத் தாமாகக் கிளம்பியபோது படம் ஏன் கிளம்பவில்லை? அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். படம் போகும் வழி வேறு. முதலில் படத்தின் கோப்பு பூட்டப்பட்டுத் தனியாக ஏற்றப்பட வேண்டும். அது முழுதாக ஏறி முடிந்த பிறகுதான் "இங்கே ஒரு படம் இருக்கிறது, இதுதான் திறப்பு" என்ற சிறிய மெசேஜ் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். எழுத்து மெசேஜ் ஒன்று மிகச் சிறியது, சிக்னல் ஒரு கணம் வந்தாலும் தப்பிப் போய்விடும். படத்துக்கு அந்த ஒரு கணம் போதாது. ஏற்றும் முயற்சி சில தடவை முறிந்ததும் செயலி "இனி நான் தானாக முயலமாட்டேன், நீங்கள் சொன்னால்தான்" என்று கையை எடுத்துவிடுகிறது. அப்போது வருவதுதான் தோல்விக் குறி. போனுக்குப் போன், பதிப்புக்குப் பதிப்பு இது மாறும். சிலதில் சிவப்பு ஆச்சரியக்குறி, சிலதில் படத்தின் மேல் மேல்நோக்கிய அம்புக்குறியோடு `Retry`.

கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கடிகாரம் நிற்கும்வரை போன் இன்னும் முயல்கிறது, தோல்விக் குறி வந்ததென்றால் முயற்சியை நிறுத்திவிட்டது. நல்ல வைஃபைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் நீங்கள் விரலால் அழுத்தாமல் அது பெரும்பாலும் கிளம்பாது. அக்கா பம்பலப்பிட்டிக் கடையில் வைஃபையோடு இருந்த நேரத்தில் ஒரு தடவை `Retry`ஐத் தொட்டிருந்தால் படம் சேர்வருக்குப் போயிருக்கும். தொடாததால் பின்னேரம் என் மேசைக்கு வரும்வரை அது அவர் போனுக்குள்ளேயே இருந்தது. படத்தின் அடியில் எழுதிய வரியும் படத்தோடு கட்டப்பட்டது, படம் போகாவிட்டால் அந்த வரியும் போகாது. "கிறீம் இந்த நிறத்தில" என்பதைத் தனி மெசேஜாகப் போட்டிருந்தால் அதாவது மற்றவற்றோடு போய்ச் சேர்ந்திருக்கும், "எந்த நிறம்?" என்று அண்ணை கேட்டிருப்பார். அந்த வரி படத்தோடு சிக்கிக்கொண்டதால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

`Retry`ஐ அழுத்துவதற்கும் புதிதாக அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அழுத்தினால் அதே மெசேஜ் மறுபடி முயற்சிக்கப்படும், எதிர்ப்பக்கத்தில் ஒன்றுதான் தெரியும். கலரியிலிருந்து திரும்பத் தெரிவு செய்து அனுப்பினால் அது இன்னொன்று. பிறகு யாராவது பழையதன் `Retry`இலும் கைபட்டுவிட்டால் இரண்டு படம் போகும். அழுத்தியும் திரும்பத் திரும்பச் சிவப்பாகவே வந்தால் குற்றம் சிக்னலில் மட்டும் இருக்காது. போனில் இடம் நிறைந்திருக்கிறதா, கோப்பு கலரியிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டதா, போனின் திகதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். திகதி பிழையென்றால் வட்ஸ்அப் சேர்வரோடு பேசவே மாட்டாது. பற்றரி முற்றாக இறங்கி, திகதி பழைய வருடத்துக்குப் போன போன்கள் என் கடைக்கு அவ்வப்போது வரும். செற்றிங்ஸில் திகதியைத் தானாக எடுக்கும்படி மாற்றினாலே கடிகாரங்கள் எல்லாம் டிக்காக மாறுவதைக் கண்முன்னால் காணலாம்.

கடிகாரம் நின்றால் என்ன செய்வது? முதலில் டேட்டாவா வட்ஸ்அப்பா என்று பிரிக்க வேண்டும். பலர் பிரவுசரைத் திறந்து ஒரு பக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று எடுக்கும் பக்கேஜுகள் உள்ளவர்களுக்கு அந்தச் சோதனை பொய் சொல்லும், பக்கம் வராது, வட்ஸ்அப் ஓடும். ஆகவே வட்ஸ்அப்பிலேயே வீட்டில் உள்ள ஒருவருக்கு ஒரு எழுத்து அனுப்பிப் பாருங்கள். அதிலும் கடிகாரம் என்றால் பிரச்சினை உங்கள் போனில், யாருக்கு அனுப்பினாலும் இதுதான் நடக்கும். பிறகு டேட்டா மிச்சம், வைஃபை, திகதி என்று பார்த்து வரலாம். பற்றரியைச் சேமிக்கும் மோட் போட்டிருந்தால் வட்ஸ்அப்பைத் திறந்து கொஞ்ச நேரம் முன்னால் வைத்திருங்கள். பின்னால் ஓடவிடாமல் போனே அதைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். அவசரமென்றால் டேட்டா தேவைப்படாத அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ போதும். ஒற்றை டிக் என்றால் உங்கள் போனில் ஒன்றையும் நோண்ட வேண்டாம். ஆளை வேறு வழியில் பிடியுங்கள். அண்ணையின் கடையில் லேண்ட்லைன் இருக்கிறது, அக்காவிடம் அந்த நம்பரும் இருந்தது.

குரூப்பில் அனுப்பும்போது இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் இரண்டாவது டிக் விழ, உறுப்பினர் எல்லோருக்கும் மெசேஜ் போய்ச் சேர வேண்டும். ஒருவர் போனை அணைத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக்தான். கடைக்காரர் குரூப்பில் ஓடர் கொடுப்பவர்கள் அந்த ஒற்றை டிக்கைக் கண்டு திரும்ப அனுப்பாமல், `Message info`இல் தேவையான ஆளின் பெயர் போய்ச் சேர்ந்தவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டெலிகிராமில் கணக்கு இன்னொரு மாதிரி. அங்கே ஒரு டிக் சேர்வருக்குப் போனதைக் காட்டும், இரண்டு டிக் வாசித்ததைக் காட்டும், போய்ச் சேர்ந்ததற்கு நடுவில் தனிக் குறி கிடையாது. வட்ஸ்அப் பழக்கத்தோடு டெலிகிராமில் ஒற்றை டிக்கைப் பார்த்து "போன் ஓஃப்பில இருக்கு" என்று முடிவு கட்டக்கூடாது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் உரையாடலை இன்னும் திறக்காமலும் இருக்கலாம்.

நேரங்களைத் தாளில் வரிசையாக எழுதி இரண்டு பேருக்கும் காட்டினேன். தீர்வை அவர்களே கட்டினார்கள். 25 மீற்றர் தனித் துண்டாக வெட்டப்பட்டிருந்ததால் அக்கா கேட்ட அளவு அப்படியே அவருக்குக் கிடைத்தது. 40 மீற்றர் துண்டு அண்ணையின் கடைக்கே திரும்பிப் போனது, மெரூன் விலைபோகும் நிறம் என்பதால் அதை விற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். மெசேஜ் பிந்தியது தன் போனால்தான் என்பதால், அது மாத முடிவுக்குள் போகாவிட்டால் அடுத்த ஓடரில் தானே எடுப்பதாக அக்கா ஒப்புக்கொண்டார். கிறீம் 30 மீற்றரில் அண்ணைக்கு ஒரு பங்கும் இல்லை, படம் அக்காவின் போனை விட்டே போகவில்லை, அந்தச் செலவு முழுக்க அக்காவுடையது. போவதற்கு முன் அக்கா அந்தப் படத்தின் `Retry`ஐத் தொடப் போனார், நான் தடுத்தேன். தொட்டிருந்தால் நிறம் பற்றிய அந்தப் பழைய வேண்டுகோள் புது ஓடர் மாதிரி அண்ணையின் போனில் போய் நின்றிருக்கும். படத்தை அழித்துவிட்டு, அடுத்த முறைக்கான நிறத் துண்டை நேரிலேயே கொடுத்தார்.